வால்வு மாறினாலும் ஆடாத லூப்: வட்ட நிபந்தனை, ஒரு தொட்டிக் கணக்கில்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சுத்திகரிப்புப் பிரிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் நடுவே சின்னதாக ஒரு இடைத் தொட்டி. மெயின் லைனிலிருந்து ஒரு கன்ட்ரோல் வால்வு வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது, கீழே ஒரு பம்பு இழுத்துக்கொண்டு போகிறது. மட்டத்தை அளக்க ஒரு டிரான்ஸ்மிட்டர், வால்வைத் திறந்து மூட ஒரு கன்ட்ரோலர். பகல் ஷிஃப்ட்டில் டியூன் செய்யும்போது கோடு நேராக நிற்கும். ராத்திரி லைனில் பிரஷர் ஏறியதும், "சார், மட்டம் ஆடுது" என்று போன் வரும். கன்ட்ரோலரில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். மாறியது வால்வின் கெயின்.

இந்த மாதிரி லூப்பில் ஒரே ஒரு உறுப்புதான் முரண்டு பிடிக்கிறது. தொட்டி, டிரான்ஸ்மிட்டர், ஆக்சுவேட்டர், கன்ட்ரோலர் எல்லாம் நேரியல் சமன்பாட்டில் அடங்கிவிடும். வால்வு அடங்காது. அது சரியாக எப்படி நடந்துகொள்ளும் என்று நமக்குத் தெரியாவிட்டாலும், அதன் கெயின் எந்த எல்லைக்குக் கீழே போகாது, எந்த எல்லைக்கு மேலே ஏறாது என்று மட்டும் சொல்ல முடியும். அந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு, நடுவில் வால்வு என்ன செய்தாலும் லூப் நிலைத்து நிற்கும் என்று உறுதி சொல்ல முடியுமா? முடியும் என்றால் அதற்குப் பெயர் முற்று நிலைத்தன்மை. அதைச் சரிபார்க்கும் வழிகளில் கையால் வரைந்தே பார்க்கக்கூடியது வட்ட நிபந்தனை.

முதலில் எண்கள். வால்வு முழுதாகத் திறந்தால் காலித் தொட்டி 2 நிமிடத்தில் நிரம்பும் என்று கொள்வோம். ஆக்சுவேட்டரும் டிரான்ஸ்மிட்டர் ஃபில்டரும் சேர்ந்து அரை நிமிடத் தாமதம் தருகின்றன. இது ஒரு முதல்நிலை லேக். கன்ட்ரோலர் வெறும் ப்ரொபோர்ஷனல், கெயின் Kc. நேரத்தை நிமிடத்தில் எடுத்தால், வால்வைத் தவிர மற்ற எல்லாம் சேர்ந்து இப்படி வரும்:

```
G(s) = Kc / ( s (s + 2) )
```

இனி வால்வு. நம்முடையது ஈக்வல் பர்சன்டேஜ் வகை, ரேஞ்சபிலிட்டி 50. அதாவது திறப்பு x என்றால் (முழுத் திறப்பு 1) ஃப்ளோ 50^(x−1). இதன் சரிவு அந்தந்த இடத்து ஃப்ளோவை 3.9 ஆல் பெருக்கினால் கிடைக்கும். 30% திறப்பில் சரிவு சுமார் 0.25, 75% திறப்பில் 1.47. இதுவே கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம். இதன் மேல் லைன் பிரஷர் வேறு. வால்வுக்கு இரு பக்கமும் உள்ள பிரஷர் வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஃப்ளோ மாறும். மேலே சொன்ன சரிவுகளைப் பகலின் மிகக் குறைந்த பிரஷருக்கு என்று எடுத்துக்கொண்டு, ராத்திரி பிரஷர் வித்தியாசம் அதைப்போல் 2.25 மடங்கு வரை ஏறும் என்று கொண்டால், கெயின் 1.5 மடங்காகும். ஆக வால்வின் கெயின் 0.25 முதல் சுமார் 2.2 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மேல் எல்லையைக் கொஞ்சம் தாராளமாக 2.25 என்று வைத்துக்கொள்கிறேன், கணக்கும் சுலபமாகும்.

இந்த 0.25, 2.25 என்ற இரண்டு சரிவுள்ள கோடுகளுக்கு நடுவே கிடக்கும் ஆப்பு வடிவப் பரப்புதான் செக்டார். ஒரு நுணுக்கத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். செக்டாரை வால்வு வரைபடத்தின் பூஜ்யப் புள்ளியிலிருந்து வரையக் கூடாது. லூப் அமைதியாக நிற்கும் வேலைப்புள்ளியிலிருந்து வரைய வேண்டும். அங்கிருந்து வால்வு எவ்வளவு நகர்ந்தது, ஃப்ளோ எவ்வளவு மாறியது என்ற விகிதம்தான் எல்லைக்குள் அடங்க வேண்டும். எல்லா இடத்திலும் சரிவு இரண்டு எண்களுக்குள் இருந்தால், எந்த வேலைப்புள்ளியிலிருந்து பார்த்தாலும் இந்த விகிதமும் அவற்றுக்குள்ளேயே இருக்கும். அதனால்தான் சரிவுகளைக் கணக்கிட்டோம்.

சரி, இப்போது பழக்கமான வழியில் யோசிப்போம். வால்வின் கெயின் k என்று ஒரே எண்ணாக நின்றால், லூப்பின் சமன்பாடு s² + 2s + k·Kc = 0. k, Kc இரண்டும் நேர்ம எண்கள் என்றால் இது எப்போதும் நிலையானது. Kc-க்கு மேல் எல்லையே இல்லை! நைக்விஸ்ட் வரைபடத்தின் மொழியில், −1/k என்ற புள்ளியை வளைவு சுற்றக் கூடாது. இங்கே எந்த k-க்கும் சுற்றுவதில்லை. k மாறினால் அந்தப் புள்ளி எதிர்ம அச்சில் −4-க்கும் −0.44-க்கும் நடுவே ஒரு கோட்டுத்துண்டில் நகரும். அந்தத் துண்டில் எந்த இடத்தையும் வளைவு தொடவில்லை. அப்புறம் என்ன பயம்?

இப்படி நினைக்காதவர்கள் குறைவு. 1949-ல் ஐசர்மன் இதையே ஒரு ஊகமாக முன்வைத்தார்: செக்டாருக்குள் இருக்கும் ஒவ்வொரு நிலையான கெயினுக்கும் லூப் நிலையானது என்றால், செக்டாருக்குள் இருக்கும் ஒவ்வொரு வளைந்த உறுப்புக்கும் நிலையானதாக இருக்குமா என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாம் நிலை அமைப்புகளிலேயே அது பொய்த்துப் போகும் என்று 1958-ல் ப்ளிஸ் காட்டினார். கெயின் நேரத்தோடும் மாறலாம் என்று விட்டால், நம்முடைய இரண்டாம் நிலைத் தொட்டியே போதும், ஊகம் உடைந்துவிடும்.

அதைக் கண்ணால் பார்த்துவிடுவோம். Kc = 16 என்று வைக்கிறேன். கெயின் கீழ் எல்லையில் நின்றால் சமன்பாடு s² + 2s + 4. டாம்பிங் விகிதம் 0.5, நல்ல லூப். மேல் எல்லையில் நின்றால் s² + 2s + 36. டாம்பிங் விகிதம் ஆறில் ஒரு பங்கு. சில தடவை ஆடும், ஆனால் அடங்கிவிடும். இரண்டுமே நிலையானவை. இப்போது கெயினை இப்படி மாற்றுவோம்: மட்டம் வேலைப்புள்ளியை விட்டு விலகிப் போகும்போது கெயின் கீழ் எல்லை, திரும்பி வரும்போது மேல் எல்லை. விலகும்போது தடுக்கும் விசை குறைவாக இருப்பதால் மட்டம் நிறைய தூரம் போகும். திரும்பும்போது இழுக்கும் விசை ஒன்பது மடங்கு என்பதால் பெரும் வேகத்தோடு வேலைப்புள்ளியைக் கடக்கும். ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடுபவர் சரியான நேரத்தில் உட்கார்ந்து எழுந்து வேகம் ஏற்றுவாரே, அதே வேலை.

எண்ணாகவே சொல்லலாம். ஒரு அரை ஆட்டத்தின் தொடக்க வேகத்துக்கும் முடிவு வேகத்துக்கும் உள்ள விகிதம், மேல் கீழ் கெயின்களின் விகிதத்தின் வர்க்கமூலம், அதாவது 3. அதை அந்த அரை ஆட்ட நேரத்தில் டாம்பிங் தின்னும் அளவால் பெருக்க வேண்டும். விலகிப் போக 0.60 நிமிடம், திரும்பி வர 0.29 நிமிடம், மொத்தம் 0.90. டாம்பிங் e^(−0.90), அதாவது 0.41. மூன்றால் பெருக்கினால் 1.22. ஒவ்வொரு அரை ஆட்டத்துக்கும் 22% வளர்கிறது. தனித்தனியே நிலையான இரண்டு லூப்புகள் மாறி மாறி வந்து நிலையற்ற ஒன்றைத் தந்துவிட்டன. இதே மாற்று முறையை வைத்துக்கொண்டு Kc-ஐக் குறைத்துக்கொண்டே வந்தால், சுமார் 10-ல் வளர்ச்சி நிற்கிறது.

யாரும் வேண்டுமென்றே பிரஷரை இப்படி மாற்ற மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரே ஹெடரிலிருந்து நாலு தொட்டிக்குத் தண்ணீர் போகிறது, பக்கத்துத் தொட்டியின் பம்பு மிதவை சுவிட்சில் ஓடி நின்று ஓடுகிறது என்றால், பிரஷர் தன் தாளத்தில் ஏறி இறங்கும். அந்தத் தாளம் நம் லூப்பின் தாளத்தோடு ஒத்துப்போகாது என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. வட்ட நிபந்தனை கேட்பது இதைத்தான்: எவ்வளவு கெட்ட தாளமாக இருந்தாலும் தாங்குமா?

பதிலுக்கு வரும் வழி எளிமையானது. வால்வின் கெயினை நடுமதிப்பு, மிச்சம் என்று இரண்டாகப் பிரிக்கிறோம். 0.25, 2.25 இவற்றின் நடு 1.25. மிச்சம் கூட்டவோ கழிக்கவோ அதிகபட்சம் 1. நடுமதிப்பு ஒரு சாதாரண நிலையான கெயின். அதை நேரியல் பகுதியோடு சேர்த்து மூடிவிடலாம். அப்படி மூடிய லூப்:

```
H(s) = G / (1 + 1.25 G) = Kc / ( s² + 2s + 1.25 Kc )
```

இந்த H-ஐச் சுற்றி இப்போது தொங்குவது மிச்சம் மட்டும்தான். அது எந்த சிக்னலையும் பெரிதாக்காது. உள்ளே போனதை விடப் பெரிய அலை வெளியே வராது, ஏனென்றால் அதன் அளவு 1-ஐத் தாண்டாது. ஆனால் நேரத்தோடு மாறுவதால் அது அலையை முன்னோ பின்னோ தள்ளிவிட முடியும். ஊஞ்சலில் நடந்தது அந்தத் தள்ளல்தான். எனவே மிச்சத்தின் கட்டம் பற்றி எதையும் நம்பாமல், அளவை மட்டும் நம்ப வேண்டும். எல்லா அலைவெண்ணிலும் H-இன் அளவு 1-க்குக் கீழே இருந்தால், சுற்றி வரும் ஒவ்வொரு தடவையும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும், லூப் அடங்கும். 

வட்டம் எங்கிருந்து வந்தது? |G / (1 + 1.25 G)| < 1 என்பதை G-இன் தளத்தில் வரைந்தால், G நுழையக் கூடாத ஒரு வட்டம் கிடைக்கும். அதன் விட்டம் அதே பழைய கோட்டுத்துண்டு, −4 முதல் −0.44 வரை. மையம் −2.22, ஆரம் 1.78. நிலையான கெயினுக்கு ஒரு புள்ளி. எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் நேரத்தோடு மாறாத கெயினுக்கு ஒரு துண்டு. எப்படி வேண்டுமானாலும் மாறும் கெயினுக்கு அந்தத் துண்டை விட்டமாகக் கொண்ட முழு வட்டம். G-இன் நைக்விஸ்ட் வளைவு வட்டத்தைத் தொடக் கூடாது. G-க்கு வலது அரைத்தளத்தில் துருவம் இல்லையென்றால் வட்டத்தைச் சுற்றவும் கூடாது. வலது அரைத்தளத்தில் துருவங்கள் இருந்தால், அத்தனை தடவை எதிர்க்கடிகாரச் சுற்றாகச் சுற்ற வேண்டும். நம் G-க்கு மூலத்தில் ஒரு துருவம் இருக்கிறது, வலப்பக்கம் எதுவும் இல்லை. எனவே வட்டத்துக்கு வெளியே நின்றால் போதும்.

கணக்கைப் போடுவோம். ω² = x என்றால் H-இன் பகுதியின் வர்க்கம் (1.25Kc − x)² + 4x. Kc = 4 என்று வைத்தால் இது x² − 6x + 25. x = 3-ல் மிகச் சிறியது, 16. வர்க்கமூலம் 4. தொகுதியும் 4. ஆக H-இன் உச்சம் சரியாக 1. வட்டத்தை வளைவு அங்கே தொடுகிறது, G-இன் மதிப்பு அப்போது −0.57 − 0.66j. Kc = 3 என்றால் உச்சம் 0.90. Kc = 2 என்றால் 0.82. எனவே இந்தத் தொட்டிக்கு Kc 4-க்குக் கீழே இருந்தால், வால்வும் பிரஷரும் சொன்ன எல்லைக்குள் என்ன ஆட்டம் போட்டாலும் மட்டம் திரும்பி வந்து நிற்கும்.

இந்த வகை G-க்கு, அதாவது 1/(s(s+a)) வடிவத்துக்கு, முழுக் கணக்கையும் ஒரே வரியில் அடக்கிவிடலாம்: 

```
√β − √α < a
```

α, β என்பவை Kc-யும் சேர்ந்த கீழ், மேல் கெயின்கள். நம் கதையில் √Kc × (1.5 − 0.5) < 2, எனவே Kc < 4. இந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது. எல்லையை முடிவு செய்வது உச்ச கெயினா, அடி கெயினா என்ற வாதத்துக்கே இடம் வைக்காமல், இரண்டின் வர்க்கமூல இடைவெளிதான் விஷயம் என்று சொல்லிவிடுகிறது.

இந்த யோசனைக்கு ஒரு தனிச் சொந்தக்காரர் கிடையாது. வளைந்த ஒரு உறுப்பு, மீதி எல்லாம் நேரியல் என்ற அமைப்பை 1944-ல் லூரியேயும் போஸ்ட்னிகோவும் எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அதை லூரியே அமைப்பு என்றே சொல்கிறோம். 1961-ல் ருமேனியாவின் போப்போவ் அலைவெண் வழியாக ஒரு நிபந்தனை தந்தார். வட்டம் அதற்கடுத்த சில ஆண்டுகளில் பல பேர் கையில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தது: பாஞ்ஜோர்னோ, சாண்ட்பெர்க், 1964-ல் நரேந்திராவும் கோல்ட்வினும், 1966-ல் இரண்டு பகுதிக் கட்டுரையாக ஸேம்ஸ். இவர்களில் கும்பட்டி எஸ். நரேந்திரா 1933-ல் மதராஸில் பிறந்தவர். 1954-ல் மதராஸ் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பட்டம் வாங்கிக்கொண்டு ஹார்வர்டுக்குப் போனவர். பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நம் ஊர்க் கல்லூரிகளில் கன்ட்ரோல் பாடம் எடுக்கும்போது இந்தப் பெயரைச் சொல்லாமலே தாண்டிப் போவது கொஞ்சம் வருத்தம்தான்.

இனி இந்த 4 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம். நிபந்தனை நிறைவேறினால் லூப் நிச்சயம் நிற்கும். நிறைவேறாவிட்டால் ஆடும் என்று அர்த்தமில்லை. நாம் கண்டுபிடித்த கெட்ட தாளம் Kc சுமார் 10-க்கு மேல்தான் வேலை செய்தது. 4-க்கும் 10-க்கும் நடுவே வட்டம் வாயே திறப்பதில்லை.

லைன் பிரஷர் மாறவே மாறாது, வால்வு வளைவு மட்டும்தான் சிக்கல் என்றால், கதை தலைகீழாகிவிடும். அப்போது போப்போவ் நிபந்தனையைப் பயன்படுத்தலாம். அதில் G-ஐ (1 + qs) என்ற காரணியால் பெருக்கிப் பார்க்க அனுமதி உண்டு; q = 0.5 என்று எடுத்தால் (1 + 0.5s) மேலே வந்து கீழே உள்ள (s + 2)-ஐ அடித்துவிடும், மிஞ்சுவது 0.5 Kc / s. இதன் மெய்ப்பகுதி பூஜ்யம், எந்த எதிர்ம எல்லைக்கும் வலப்பக்கமே நிற்கும். எனவே எவ்வளவு பெரிய Kc-யும் சரி. நாம் கொடுக்கும் விலை, அதாவது 4 என்ற எல்லை, முழுக்க முழுக்கக் கெயின் நேரத்தோடு மாறலாம் என்று ஒத்துக்கொண்டதற்கான விலை. ஆகவே வட்டத்தைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்வி: மாற்றம் எவ்வளவு வேகமானது? பிரஷர் மணிக்கணக்கில் மெதுவாக ஏறினால், வட்டம் தேவைக்கு மேல் பயப்படுகிறது. அந்தந்த நேரத்துக் கெயினுக்கு நல்ல டாம்பிங் இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் போதும். பம்பு ஓடி நின்று சில நிமிடங்களுக்குள் பிரஷர் குதித்தால், அந்த பயம் நியாயமானது. எந்தத் தாளத்தைக் கவனிக்க வேண்டும் என்பதையும் தொடுபுள்ளியே காட்டித் தருகிறது. x = 3 என்றால் ω = 1.73, ஒரு முழு ஆட்டத்துக்கு 3.6 நிமிடம். கெயின் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு தடவை மாறும்போதுதான் ஊஞ்சல் ஏறும். எனவே ஹெடர் பிரஷர் டிரெண்டில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அலை இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இதுவரை போட்ட கணக்கில் ஒரு பெரிய ஓட்டை: உண்மையான லூப்பில் சுத்தத் தாமதம் உண்டு. வால்வு நகர ஆரம்பிக்க ஒரு நொடி, கன்ட்ரோலர் ஸ்கேன் ஒரு நொடி, குழாயிலும் தொட்டியின் அலையிலும் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து 6 நொடி, அதாவது 0.1 நிமிடம் என்று வைத்தால் வளைவு கடிகாரச் சுற்றில் திரும்பி வட்டத்துக்குள் நுழையும். இதைக் கையால் செய்வது தொல்லை. சின்ன ப்ரோக்ராம் போதும்:

```python
import numpy as np
al, be, Kc, tau = 0.25, 2.25, 3.0, 0.1
w = np.logspace(-2, 2, 20000)
s = 1j * w
G = Kc * np.exp(-tau * s) / (s * (s + 2))
c, r = (be + al) / 2, (be - al) / 2
print(np.max(r * abs(G / (1 + c * G))))
```

வரும் எண் 1-க்குக் கீழே என்றால் வளைவு வட்டத்தைத் தொடவில்லை. ஆனால் சுற்றவில்லை என்பதை இந்த எண் சொல்லாது. நடு கெயினில் லூப் நிலையானதா என்று தனியாகப் பார்த்துவிட வேண்டும். இதை மறந்தவர்களுக்கு, ஏற்கெனவே நிலையற்ற லூப்புக்குக்கூட அழகான எண் கிடைக்கும். தாமதத்தோடு Kc = 3 போட்டால் எண் 1-ஐத் தாண்டிவிடுகிறது. எல்லை 4-லிருந்து சுமார் 2.7-க்கு இறங்குகிறது. ஆறே நொடி, கெயினில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

PI கன்ட்ரோலர் என்றால் இன்னொரு பக்கத்திலிருந்து அடி விழும். தொட்டியே ஒரு இன்டக்ரேட்டர், கன்ட்ரோலரில் இன்னொன்று. இப்படிப்பட்ட லூப் கெயின் குறைந்தால்தான் நீண்டு நீண்டு ஆடும். "ஆடுது" என்றதும் கெயினைக் குறைக்கும் பழக்கம் இங்கே நிலைமையை மோசமாக்கும். வட்டத்தின் இடது விளிம்பு, −4, இதற்காகத்தான் அங்கே நிற்கிறது: வால்வு குறைவாகத் திறந்து கெயின் 0.25-க்கு இறங்கும்போது என்ன ஆகும் என்பதை அது காவல் காக்கிறது. தாமதத்தை ஒதுக்கிவிட்டு Kc = 2 என்று வைத்தால், வெறும் ப்ரொபோர்ஷனலில் 0.82 ஆக இருந்த எண், இன்டக்ரல் நேரம் 5 நிமிடம் என்றதும் 0.98-க்கு ஏறிவிடுகிறது. 3 நிமிடம் என்றால் 1-ஐத் தாண்டுகிறது. லெவல் லூப்பில் இன்டக்ரலை அவசரப்படுத்தக் கூடாது என்று பழைய இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் சொல்வதற்கு இதைவிடச் சுருக்கமான காரணம் கிடைக்காது.

கெயினைக் குறைப்பதைவிட செக்டாரைக் குறுக்குவது லாபம். வால்வின் வளைவு நமக்குத் தெரிந்த ஒன்று; கன்ட்ரோலர் அவுட்புட்டுக்கும் வால்வுக்கும் நடுவே அதன் எதிர் வளைவை ஒரு கேரக்டரைசர் பிளாக்கில் போட்டுவிட்டால் ஆறு மடங்கு வித்தியாசம் கிட்டத்தட்டப் போய்விடும். மிஞ்சுவது பிரஷரால் வரும் 1.5 மடங்கு மட்டும். கெயின் 1-க்கும் 1.5-க்கும் நடுவே என்றால் வர்க்கமூல இடைவெளி 0.22, தாமதமில்லாத கணக்கில் Kc எல்லை 79-க்குப் போய்விடும். அந்த எண்ணை யாரும் நம்பி வைக்கப் போவதில்லை, அதற்கு முன்பே சுத்தத் தாமதம் குறுக்கே வரும். ஆனால் இனி வால்வு நம் பிரச்சினை இல்லை என்று அது சொல்கிறது. பிரஷரின் பங்கையும் நீக்க வேண்டுமென்றால் உள்ளே ஒரு ஃப்ளோ லூப்பைக் கட்டி, லெவல் கன்ட்ரோலர் அதற்கு செட்பாயிண்ட் கொடுக்கும்படி செய்யலாம். ஃப்ளோமீட்டர் வாங்கக் காசு இருந்தால் அதுதான் சரியான வழி. அதில் இன்னொரு ஆதாயமும் உண்டு: பிரஷர் குதிக்கும்போது வால்வு அசையாமலே ஃப்ளோ மாறும். நம் கணக்கில் அது கெயின் மாற்றம் மட்டுமல்ல, வெளியிலிருந்து விழும் ஒரு தள்ளலும்கூட. வட்ட நிபந்தனை அந்தத் தள்ளலின் விளைவு எல்லைக்குள் அடங்கும் என்று உறுதி தரும், ஆனால் ஆபரேட்டருக்குப் பிடிக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கும் என்று தராது.

கடைசியாக வால்வின் இரு முனைகள். வால்வு முழுதாக மூடிவிட்டாலோ முழுதாகத் திறந்துவிட்டாலோ அதற்கப்புறம் கன்ட்ரோலர் எவ்வளவு கத்தினாலும் ஃப்ளோ மாறாது, சரிவு பூஜ்யம். செக்டாரின் கீழ் எல்லை பூஜ்யம் என்றால் வட்டத்தின் இடது விளிம்பு முடிவிலிக்கு ஓடி, வட்டம் ஒரு அரைத்தளமாக விரியும். மூலத்தில் துருவம் உள்ள நம் லூப்புக்கு அந்த எல்லையில் உறுதி எதுவும் கிடைக்காது. கெயின் பூஜ்யத்திலேயே நின்றுவிட்டால் மட்டம் திரும்பி வர வழியே இல்லையே. எனவே நாம் 0.25 என்று எழுதியபோது, வால்வு 30-க்கும் 75-க்கும் நடுவே இருக்கும் வரைதான் இந்தப் பேச்சு என்று சேர்த்து எழுதிவிட்டோம். வால்வு 50%-ல் நிற்கிறது, Kc = 2.5 என்றால், கீழே 20% நகர இடம் உண்டு, மேலே 25%. மட்டம் ஒரு பக்கம் 8%, மறுபக்கம் 10% விலகும் வரை செக்டார் செல்லும். அந்த 8%-க்குள் தொடங்கினால் போதாது, போகும் பாதை முழுதும் உள்ளேயே இருக்க வேண்டும்; வேகமாக ஏறிக்கொண்டிருக்கும் மட்டம் 5%-ல் தொடங்கினாலும் 9%-ஐத் தாண்டிப் போகலாம். அதற்கு மட்டத்தையும் அதன் வேகத்தையும் இரண்டு அச்சாக வைத்து, லியாபுனோவ் சார்பின் நீள்வட்டம் ஒன்றை அந்த எல்லைக்குள் அடங்கும்படி வரைய வேண்டும். அதற்குள் தொடங்கும் ஆட்டங்களுக்கு மட்டுமே மேலே போட்ட கணக்கெல்லாம் பொருந்தும்.